ஒரு டிக்கா, ஆறு டிக்கா: ஓடும் ஆட்டத்தில் ஸ்கால்பிங்கும் கமிஷன் தின்னும் பங்கும்

அக்கா மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். பந்தய எக்ஸ்சேஞ்ச் அந்த நாட்டில் உரிமம் பெற்று நடக்கும் தொழில் என்பதால், கிரிக்கெட் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை வாங்கி விலை விற்கும் ஸ்கால்பிங்கை அவன் சில மாதங்களாகச் செய்து பார்த்திருக்கிறான். சென்ற மாதம் 10 ஆட்டங்களின் கணக்கை எனக்கு அனுப்பி, "மாமா, கமிஷன் அஞ்சு பர்சன்ட் தான், ஆனா கையில ஒண்ணுமே நிக்கல, எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டான். நான் தண்டையார்ப்பேட்டையில் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுப்பவன். பந்தயத்தில் பழக்கமில்லாவிட்டாலும் பேரேட்டில் காசு எந்த வரியில் காணாமல் போகிறது என்று தேடுவது என் அன்றாட வேலை. அவன் முன்னால் இருந்த மூன்று வழிகளை அவனுக்காக ஒப்பிட்டுப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களை 2025ஆம் ஆண்டின் மையச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு இல்லாமல் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான 2022ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. இங்கே சிலர் "ஐடி வாங்கித் தருகிறேன்" என்று வந்து நிற்பார்கள். அவர்கள் காட்டும் விலைப்பலகைக்குப் பின்னால் உண்மையான எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா என்று பார்க்க நமக்கு வழி கிடையாது, போட்ட பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு அலுவலகமும் கிடையாது. ஆகவே கீழே வரும் ஒப்பீடு முழுவதும் சட்டப்படி ஆடக்கூடிய நாட்டில் இருப்பவனுக்கான கணக்கு. நம் தெருவில் செய்து பார்ப்பதற்கான குறிப்பு அல்ல.

எக்ஸ்சேஞ்சில் நிறுவனத்தோடு பந்தயம் கட்டுவதில்லை; எதிரே இருக்கும் இன்னொரு ஆளோடு கட்டுகிறோம். ஒரு அணி வெல்லும் என்று கட்டுவது பேக், வெல்லாது என்று கட்டுவது லே. 1.60 விலையில், அதாவது வென்றால் போட்டதோடு சேர்த்து 160 பவுண்டு திரும்பும்படி, 100 பவுண்டுக்கு பேக் செய்தவர், விலை 1.59க்கு இறங்கியதும் தகுந்த தொகைக்கு லே செய்துவிட்டால், எந்த அணி வென்றாலும் அவருக்கு ஒரே சிறு லாபம் கிடைக்கும். அந்த லாபம் பேக் விலைக்கும் லே விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்ட தொகையால் பெருக்கி, லே விலையால் வகுத்தால் வருவது.

```
லாபம் = 100 × (1.60 − 1.59) ÷ 1.59 = 0.63
```

ஆக, 100 பவுண்டை வைத்து ஒரு படி நகர்வுக்குக் கிடைப்பது 63 பென்ஸ். அந்தப் படிக்குத்தான் டிக் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பெட்ஃபேர் என்ற எக்ஸ்சேஞ்சின் விலை ஏணியில் படிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 1.01 முதல் 2.00 வரை ஒரு டிக் 0.01, 2.00 முதல் 3.00 வரை 0.02, 3.00 முதல் 4.00 வரை 0.05, அதற்கு மேல் போகப் போகப் படி இன்னும் அகலமாகிறது. இந்த ஏற்பாடு மேலோட்டமாகப் பார்த்தால் அலட்சியமாக விட்டுவிடக்கூடியதுதான், ஆனால் என் மருமகனுடைய கணக்கில் பாதிக் கேள்விக்கு இதுவே பதிலாக இருந்தது.

அவன் பின்பற்றி வந்தது முதல் வழி. 20 ஓவர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு அதிகமுள்ள அணியை, அதாவது 2.00க்குக் கீழே விலை இருக்கும் அணியை எடுத்துக்கொண்டு, இரண்டு பந்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் ஒரு டிக் மட்டும் பிடித்து வெளியேறுவது. இரண்டாவது வழி, அதே ஒரு டிக்கை எதிரணியின் ஏணியில், 2.00க்கு மேலே பிடிப்பது. மூன்றாவது வழி, ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு முறை மட்டும் உள்ளே போய், ஐந்தாறு டிக் நகர்வுக்குக் காத்திருப்பது. இவற்றோடு, 5 விழுக்காடு கமிஷனிலேயே இருப்பதா, 2 விழுக்காடு பிடிக்கும் திட்டத்துக்கோ வேறு சந்தைக்கோ மாறுவதா என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது.

முதல் வழியில் அவன் பதிந்து வைத்திருந்த ஓர் ஆட்டத்தை வரி வரியாகப் பார்த்தேன். இரண்டாவது இன்னிங்ஸில், துரத்தும் அணியின் விலை 1.60ஐ ஒட்டி நின்ற நேரத்தில், அவன் 20 முறை உள்ளே போயிருந்தான். 14 முறை ஒரு டிக் கிடைத்தது; அது 8.81 பவுண்டு. நான்கு முறை போன விலைக்கே வெளியே வந்தான். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு முறை விலை எதிர்ப்பக்கம் மூன்று டிக் நகர்ந்ததால் 1.63க்கு லே செய்து 1.84 பவுண்டை விட்டான். மிச்சமிருந்த ஒரே ஒரு முறை, அவனுடைய பேக் நிலுவையில் இருந்தபோது விக்கெட் விழுந்தது. விலை 1.60லிருந்து 1.78க்குத் தாவியது, வெளியே வர 10.11 பவுண்டு ஆனது. 20 முறையில் 14 முறை சரியாகச் செய்தவன் அன்றைய ஆட்டத்தை 3.14 பவுண்டு நட்டத்தில் முடித்தான். அந்த ஒரு விக்கெட் 16 வெற்றிகளை விழுங்கியிருக்கிறது.

"அது துரதிர்ஷ்டம் மாமா, ஒரு தடவைதான்" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த ஆட்டத்தை அவன் லீட்ஸிலிருந்து வீடியோ அழைப்பில் ஆடிக் காட்டச் சொன்னேன். அங்கே பிற்பகல், இங்கே மாலை விளக்கு வைத்த நேரம். அவன் மடிக்கணினியில் நேரலை ஓடுகிறது, நான் என் கைபேசியில் வேறொரு செயலியில் அதே ஆட்டத்தைப் பார்க்கிறேன். பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கியதாக என் கைபேசி காட்டியபோதே எதிர்வீட்டிலிருந்து ஒரு பெருங்கூச்சல் எழுந்தது. அவர்கள் வீட்டில் இருப்பது கேபிள் இணைப்பு. என் திரையில் ஸ்டம்ப் பறந்தது அதற்கும் சில நொடிகள் கழித்து. அவன் திரையில் அதற்கும் பிந்தி. அந்தக் கூச்சல் கேட்ட கணத்துக்கும் அவன் விக்கெட்டைப் பார்த்த கணத்துக்கும் இடையே, 1.60ல் அவன் காத்துவைத்திருந்த பேக் முழுவதும் ஏற்கப்பட்டு, பக்கத்தில் பச்சைக் குறி வந்திருந்தது. அவன் முகம் மலர்ந்து, பிறகு வாடியது. கூச்சலுக்குக் காரணம் தெரிந்தவர்கள்தான் அவனுடைய பேக்குக்கு எதிரே லே செய்திருக்கிறார்கள்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய இயக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு டிக் சம்பாதிக்க வேண்டுமென்றால், அப்போது கிடைக்கும் விலையை அப்படியே எடுக்க முடியாது. நமக்குச் சாதகமான விலையில் ஆர்டரைப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஒரே விலையில் நிற்பவர்களில் முதலில் வந்தவருக்கே முதலில் கிடைக்கும். முன்னால் நிற்பவர்களின் தொகை முழுவதும் தீர்ந்து நம் முறை வருவது சில நேரம் சாதாரணமான நடமாட்டத்தால் நிகழும். ஆனால் மிக வேகமாக, மிக நிச்சயமாக நிகழ்வது, அந்த விலை தவறு என்று யாருக்கோ தெரிந்துவிட்டபோதுதான். வரிசையில் நிற்பவனுக்கு நல்ல பந்தயங்கள் பாதி கிடைக்கும், கெட்ட பந்தயங்கள் முழுதாகக் கிடைக்கும். விலை சாதகமாக ஓடினால் அவன் ஆர்டர் ஏற்கப்படாமலே நின்றுவிடும்.

இதைத் தடுப்பதற்காகவே ஆட்டம் ஓடும்போது எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு புதிய ஆர்டரையும் சில நொடிகள் நிறுத்திவைத்த பிறகே சந்தைக்குள் விடுகிறது. என் மருமகன் ஆடிய சந்தையில் அது 5 நொடி. கவனிக்க வேண்டியது, நிறுத்திவைப்பது புதிய ஆர்டருக்குத்தான். ஏற்கெனவே வரிசையில் நிற்கும் ஆர்டரை ரத்துசெய்யத் தாமதம் இல்லை. அதாவது விக்கெட் விழுந்ததைப் பார்த்தவர் லே ஆர்டர் போட்டு அது சந்தைக்கு வருவதற்குள் நமக்கு 5 நொடி இருக்கிறது. அதற்குள் நம் பேக்கை எடுத்துவிடலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு, நாம் பார்க்கும் படத்தின் தாமதம் 5 நொடிக்குள் இருந்தால் மட்டுமே பாதுகாப்பு. படம் 8 நொடி பிந்தி வந்தால் பூட்டு போட்ட கதவின் சாவி திருடனிடம் இருப்பதைப் போன்றது. கால்பந்தில் கோல் விழுந்தால் சந்தையை நிறுத்துவார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தாலும் பெரும்பாலும் நிறுத்துவதில்லை, அவரவர் ஆர்டருக்கு அவரவரே பொறுப்பு. ஆகவே முதல் இரண்டு வழிகளையும் யோசிக்கும் எவரும் விலை ஏணியைப் பார்ப்பதற்கு முன் தன் திரையின் தாமதத்தை அளக்க வேண்டும். அளப்பது எளிது: திரையில் பந்து மட்டையில் படும் கணத்தையும், விலைப்பலகை குலுங்கும் கணத்தையும் 20 பந்துகளுக்குக் குறித்துப் பார்த்தால் போதும். பலகை முதலில் குலுங்கி, படம் பிறகு வருவதே வழக்கமாக இருந்தால், நாம் கடைசியாகத் தெரிந்துகொள்பவர்களில் ஒருவர்.

நேரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 20 ஓவர் ஆட்டத்தில் இரண்டு பந்துகளுக்கு இடையே சுமார் 40 நொடி. உள்ளே போகும் ஆர்டருக்கு 5 நொடி, வெளியே வரும் ஆர்டருக்கு 5 நொடி, படத்தின் தாமதம் சில நொடி. மீதமிருக்கும் 20, 25 நொடிக்குள் இரண்டு முறை வரிசையில் நின்று இரண்டு முறையும் முறை வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த பந்தைக் கையில் பந்தயத்தோடு பார்க்க வேண்டியதுதான், அந்தப் பந்து விக்கெட்டாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். இரு அணி ஆட்டத்தில் ஓர் அணியை பேக் செய்வதும் எதிரணியை லே செய்வதும் ஒரே விளைவைத் தருவன. எக்ஸ்சேஞ்சே இரண்டு ஏணிகளிலும் உள்ள ஆர்டர்களை இணைத்துப் பொருத்தும். ஆனால் இரண்டு ஏணிகளிலும் படியின் அகலம் ஒன்றல்ல. அதே 100 பவுண்டை, தோற்றால் போகக்கூடிய தொகையாக வைத்துக் கணக்குப் போட்டால் வேறுபாடு தெரியும். நம் அணி 1.50ல் இருந்தால் எதிரணி 3.00ல் இருக்கும். 1.50லிருந்து 1.49க்கு ஒரு டிக் நகர்ந்தால் நமக்கு 67 பென்ஸ். எதிரணியை 3.00ல் லே செய்து 3.05ல் பேக் செய்தால், அங்கேயும் ஒரே டிக்தான், ஆனால் 82 பென்ஸ். இதைப் பார்த்துவிட்டு எதிரணியின் ஏணி எப்போதும் மேல் என்று முடிவுகட்டக் கூடாது. 3.00க்குச் சற்றுக் கீழே, 2.96ல் லே செய்து 2.98ல் பேக் செய்தால் கிடைப்பது வெறும் 34 பென்ஸ். ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை, 3.00 என்ற கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனதில் டிக்கின் மதிப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது.

அப்படியானால் கோட்டுக்கு மேலே நின்று அகலமான படியை மட்டும் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்லவா என்று தோன்றும். என் மருமகனுக்கும் தோன்றியது. படி அகலமானால் விலை அந்தப் படியை விட்டு நகர அதிக நேரம் எடுக்கும், அதற்குள் அந்த ஒரே விலையில் நிற்பவர்களின் வரிசை நீளும். 34 பென்ஸ் டிக் 10 நொடியில் கிடைக்கலாம். 82 பென்ஸ் டிக்குக்கு ஓர் ஓவர் முழுதும் காத்திருக்க நேரலாம், அந்த ஓவரின் ஆறு பந்துகளும் நம் தலைக்கு மேலே தொங்கும். நம் அணி 1.50ல் இருக்கும்போது விழும் ஒரு விக்கெட் அதை 1.66க்குக் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொண்டால், நட்டம் ஏறத்தாழ 9 பவுண்டு 60 பென்ஸ். அதை ஈடுகட்ட 67 பென்ஸ் கிடைக்கும் குறுகிய படியில் 15 வெற்றியும் 82 பென்ஸ் கிடைக்கும் அகலமான படியில் 12 வெற்றியும் தேவை. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் காத்திருக்கும் பந்துகளின் எண்ணிக்கை கூடுவதால் அந்த முன்னேற்றத்தை வரிசையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வழி தனி வழி அல்ல, முதல் வழியின் சற்றுத் திருந்திய வடிவம் என்பதே என் மதிப்பீடு.

மூன்றாவது வழியில் கணக்கின் வடிவமே மாறுகிறது. 1.60ல் பேக் செய்து, 1.54 வரை ஆறு டிக் இறங்கினால் வெளியேறுவது, எதிர்ப்பக்கம் 1.65 வரை ஐந்து டிக் ஏறினாலும் வெளியேறுவது. வென்றால் 3.90 பவுண்டு, தோற்றால் 3.03 பவுண்டு. விக்கெட் விழுந்தால் 1.65ல் நிற்க முடியாது, விலை அதைத் தாண்டிக் குதித்துவிடும் என்பதால் அப்போதும் நட்டம் அதே 10.11 தான். ஆனால் இப்போது அதை ஈடுகட்ட 16 வெற்றி தேவையில்லை. மூன்று வெற்றி போதும். இந்த வழியில் அப்போது கிடைக்கும் விலையையே எடுத்து உள்ளே போகலாம், வரிசையில் நின்று கெட்ட பந்தயத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் நிலை இல்லை. மாறாக இதற்கு ஒரு கருத்து வேண்டும்: இந்த ஓவரை யார் வீசப் போகிறார், பனி விழுகிறதா, களத்தில் நிற்கும் இருவரும் சுழலை எப்படி ஆடுகிறார்கள் என்று ஆட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்கால்பிங்கில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாமலே காசு பண்ணலாம் என்பதுதான் அவனை முதலில் ஈர்த்தது. அந்தக் கவர்ச்சி இங்கே போய்விடுகிறது. கருத்து தவறினால் இந்த வழியிலும் காசு போகும், இன்னும் பெரிய துண்டுகளாகவே போகும்.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு, கமிஷனுக்கு வருகிறேன். கமிஷன் ஒவ்வொரு டிக்கிலும் பிடிக்கப்படுகிறது என்றே அவன் நினைத்திருந்தான். அது சரியல்ல. ஓர் ஆட்டத்தின் ஒரு சந்தையில் நடந்த எல்லா லாப நட்டங்களையும் கூட்டிக் கழித்து, கடைசியில் நிகர லாபம் நின்றால் மட்டும் அதில் 5 விழுக்காடு. மேலே சொன்ன ஆட்டத்தில் அந்த விக்கெட் விழாமல் இருந்திருந்தால், 8.81ல் 1.84 போக 6.97 நின்றிருக்கும், கமிஷன் 35 பென்ஸ். தோற்ற ஆட்டத்தில் கமிஷன் கிடையாது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. குறை இருப்பது ஆட்டங்களுக்கு இடையில்: இன்றைய ஆட்டத்தின் நட்டத்தை நாளைய ஆட்டத்தின் லாபத்தில் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள்.

என் பெரியம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து எங்கள் பக்கத்துச் சந்தையில் விற்றவர். மீன் நாறிப்போன நாளையும் நன்றாக விற்ற நாளையும் சேர்த்துத்தான் வாரக் கடைசியில் லாபம் பார்ப்பார். விற்ற நாட்களின் லாபத்தில் மட்டும் ஒருவர் வந்து பங்கு கேட்டு, நாறிய நாட்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தப் பங்கு சொன்ன விழுக்காட்டைவிடப் பெரியது என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கும். என் மருமகனுடைய 10 ஆட்டங்களில் நடந்தது அதுதான். ஏழு ஆட்டங்களில் வென்று, ஆட்டத்துக்குச் சராசரி 12 பவுண்டு வீதம் 84 பவுண்டு எடுத்தான். மூன்று ஆட்டங்களில் தோற்று, சராசரி 26 பவுண்டு வீதம் 78 பவுண்டு விட்டான். மொத்தத்தில் மிச்சம் 6 பவுண்டு. கமிஷனோ 84 பவுண்டின் மீது, 4.20. கையில் நின்றது 1.80. பெயருக்கு 5 விழுக்காடு. அவன் உண்மையில் சம்பாதித்ததில் 70 விழுக்காடு.

இதை எந்தக் கணக்குக்கும் போட்டுப் பார்க்க ஒரு சிறு வழி இருக்கிறது. வென்ற ஆட்டங்களின் மொத்தத்தை, கமிஷனுக்கு முந்தைய மிச்சத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். 84ஐ 6ஆல் வகுத்தால் 14. அந்த 14ஐக் கமிஷன் விழுக்காட்டால் பெருக்கினால் வருவதே உண்மையான பங்கு.

```
84 ÷ (84 − 78) = 14
14 × 5% = 70%
14 × 2% = 28%
```

இந்த 14 என்ற எண்தான் ஸ்கால்பிங்கின் நோய்க்குறி. சிறு வெற்றிகள் நிறைய, பெரிய தோல்விகள் சில என்ற அமைப்பில் வெற்றியின் மொத்தமும் தோல்வியின் மொத்தமும் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கும், மிச்சம் மெலிந்துவிடும், கமிஷன் அந்த மெலிந்த மிச்சத்திலிருந்து அல்லாமல் பருத்த மொத்தத்திலிருந்து எடுக்கப்படும். அவனுடைய தோல்விகள் 78க்குப் பதில் 81 பவுண்டாக இருந்திருந்தால், கமிஷனுக்கு முன் 3 பவுண்டு லாபம், பின் 1.20 பவுண்டு நட்டம். 5 விழுக்காட்டில், தோல்விகள் வெற்றிகளின் 95 விழுக்காட்டைத் தாண்டிய அந்த நிமிடமே, விலையைச் சரியாகக் கணித்தவனும் நட்டக்காரன்தான்.

மூன்றாவது வழியை அவன் தனியாக 10 ஆட்டங்களுக்குச் சிறு தொகையில் ஆடி, 100 பவுண்டு அளவுக்குப் பெருக்கிக் குறித்திருந்தான். ஐந்தில் வென்று 95, ஐந்தில் தோற்று 80. மிச்சம் 15, கமிஷன் 4.75, நிகரம் 10.25. எண் 6.3, உண்மையான பங்கு 32 விழுக்காடு. கமிஷன் தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனியுங்கள். டிக்குகளைப் பெரிதாக்கினால் கமிஷன் குறையும் என்பது தவறு. குறைவது, மிச்சத்தில் அது தின்னும் பங்கு மட்டுமே, அதுவும் தோல்விகள் கட்டுக்குள் இருக்கும் வரை. 10 ஆட்டம் என்பது மிகக் குறைந்த சான்று என்பதால், 10.25 என்ற தொகையை நான் நம்பவில்லை, 14க்கும் 6.3க்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் அமைப்பிலேயே இருப்பதால் அதை மட்டும் ஓரளவு நம்புகிறேன்.

2 விழுக்காட்டுக்கு மாறும் கேள்வியில் பலரும் தவறான பக்கத்திலிருந்து யோசிக்கிறார்கள். பெட்ஃபேரில் 5 விழுக்காடே பல ஆண்டுகள் அடிப்படை விகிதமாக இருந்தது, ஸ்மார்கெட்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகள் 2 விழுக்காட்டில் வந்தன. ஒரே சந்தையில் இருந்துகொண்டே குறைந்த விகிதத் திட்டம் கிடைக்குமானால், அதற்காக விடும் சலுகைகளைப் பற்றி யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய முதல் கணக்கில் 1.80 நின்ற இடத்தில் 4.32 நின்றிருக்கும். ஆனால் வேறு சந்தைக்கு மாறுவதானால், அங்கே நீங்கள் ஆடும் அணியின் ஏணியில் எவ்வளவு பணம் நிற்கிறது, பேக் விலைக்கும் லே விலைக்கும் இடையே இடைவெளி ஒரு டிக்கா இரண்டு டிக்கா என்பதை ஆட்டம் ஓடும்போது பார்க்க வேண்டும். 3 விழுக்காடு மிச்சத்தால் அவனுக்கு 10 ஆட்டங்களில் கிடைப்பது 2.52 பவுண்டு, அதாவது ஆட்டத்துக்கு 25 பென்ஸ். பணம் குறைந்த சந்தையில் ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை ஒரு டிக் வழுக்கினாலே 63 பென்ஸ் போய்விடும். ஆட்டத்துக்கு 20 முறை உள்ளே போகிறவன் எத்தனை முறை வழுக்குவான் என்று யோசித்தால், ஸ்கால்பிங் செய்பவனுக்குக் கமிஷன் குறைந்த சந்தையைவிட ஆள் நிறைந்த சந்தையே மலிவு.

அவனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். முதல் வழியை விட்டுவிட வேண்டும். உன் திரை 5 நொடிக்கு மேல் பிந்தி வந்தால் அது வழியே அல்ல. இரண்டாவது வழியில், எதிரணி விலை 3.00ஐ எட்டும்போது டிக்கின் மதிப்பு மாறுவதை நினைவில் வைத்துக்கொள், ஆனால் அதற்காக வரிசையில் நிற்காதே. ஆடித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்றாவது வழி, அதே சந்தையில் கிடைக்கும் குறைந்த கமிஷன் திட்டத்தோடு, ஏற்கப்படாத ஆர்டர் எதுவும் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது நிலுவையில் இல்லாமல். 50 ஆட்டங்களுக்கு இதே சிறு தொகையில் குறித்துக்கொண்டு வா. ஒவ்வொரு 10 ஆட்டத்துக்கும் அந்த ஒரு எண்ணைப் போட்டுப் பார். அது 10ஐத் தாண்டினால், அல்லது கமிஷனுக்கு முன்பே மிச்சம் இல்லையென்றால், அன்றோடு கணக்கை மூடிவிடு என்றேன்.

நேற்று இரண்டாவது 10 ஆட்டங்களின் தாளை அனுப்பியிருந்தான். மேலே சிவப்பு எழுத்தில் 9.1 என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். வென்ற தொகை 91, தோற்ற தொகை 81, மிச்சம் 10, பழைய 5 விழுக்காட்டிலேயே கமிஷன் 4.55. இன்னும் 30 ஆட்டங்கள் இருக்கின்றன என்று மட்டும் பதில் எழுதினேன்.